மின்சாரத்தின் கதை – 9: வர்க்கமூலத்துக்குள் ஒரு கழித்தல் குறி

சென்ற இதழில் ஜோசப் ஹென்றியின் ஊசிகளோடு நிறுத்தியிருந்தோம். லெய்டன் சாடியில் மின்னூட்டத்தை ஏற்றி, அதைக் கம்பிச்சுருள் ஒன்றின் வழியே தீப்பொறியாக வெளியேற்றினால், சுருளுக்குள் இருக்கும் எஃகு ஊசி காந்தமாகிவிடும். சாடி ஒரே பக்கமாகத்தான் மின்னூட்டம் பெற்றிருக்கிறது. ஆனாலும் ஊசியின் வடமுனை சில தடவை இந்தப் பக்கம் அமைகிறது, சில தடவை எதிர்ப்பக்கம் அமைகிறது. பிரான்சில் பெலிக்ஸ் சவாரி 1820-களிலேயே இதைக் கண்டு திகைத்திருந்தார். ஹென்றி 1842-இல் ஒரு விளக்கம் சொன்னார்: சாடி ஒரே வீச்சில் காலியாவதில்லை. மின்சாரம் முன்னும் பின்னுமாகப் பலமுறை பாய்ந்து, ஒவ்வொரு முறையும் வலு குறைந்து, கடைசியில் அடங்குகிறது. 1847-இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஆற்றல் அழிவின்மை பற்றிய தம் கட்டுரையில் இதே கருத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டார்.

இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் எப்போது அப்படி முன்னும் பின்னும் ஆடும், எப்போது ஆடாது, ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு சமன்பாடு தேவைப்பட்டது. அது 1853-இல் கிளாஸ்கோவிலிருந்து வந்தது.

வில்லியம் தாம்சனுக்கு அப்போது வயது 28. பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர் இவர்தான். 22 வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராகிவிட்டவர். 'நிலையற்ற மின்னோட்டங்கள்' பற்றிய அவருடைய கட்டுரை 1853 ஜூன் மாத 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. இன்று பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி மூன்றும் தொடராக இணைந்த சுற்று என்று படிப்பதன் முதல் முழுத் தீர்வு அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே மூன்று தனித்தனிப் பொருள்கள் இல்லை. மின்தேக்கி என்பது சாடி. மின்தடையும் மின்தூண்டியும் அதன் இரு முனைகளையும் இணைக்கும் ஒரே கம்பியின் இரண்டு குணங்கள். கம்பி மின்னோட்டத்தைத் தடுத்துச் சூடாகிறது. அது ஒரு குணம். மின்னோட்டம் மாறும்போது அந்த மாற்றத்தை எதிர்த்து நிற்கிறது; அது மற்றொன்று. இந்த இரண்டாவது குணத்தைத் தன்தூண்டல் என்கிறோம். தாம்சன் அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தார். ஓம், ஹென்றி, பாரட் என்னும் அலகுகளும் அன்று பிறக்கவில்லை. இன்றைய எழுத்துகளான L, R, C ஆகியவற்றையே இங்கே கையாள்கிறேன்.

இன்றைய பாடநூல் சுற்றை ஒரு முறை சுற்றிவந்து, மின்னழுத்தங்களைக் கூட்டி, சுழி என்று எழுதித் தொடங்கும். தாம்சன் வேறு வழியில் வந்தார். அவர் ஆற்றலுக்குக் கணக்குப் போட்டார். அந்த வழியை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சமன்பாட்டின் மூன்று உறுப்புகளும் எங்கிருந்து வருகின்றன என்பதை அது கண்ணுக்கு முன்னால் வைக்கிறது.

சாடியில் q அளவு மின்னூட்டம் இருந்தால் அதில் தேங்கியுள்ள ஆற்றல் q²/2C. கம்பியில் i அளவு மின்னோட்டம் ஓடினால் அதற்கும் ஓர் ஆற்றல் உண்டு: Li²/2. ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் இருப்பதுபோல ஓடும் மின்னோட்டத்துக்கும் இருக்கிறது என்று தாம்சன் துணிந்து கொண்டதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. இவ்விரண்டின் கூட்டுத்தொகை குறைந்துகொண்டே போகும். ஏனெனில் கம்பி சூடாகிறது. அந்தச் சூட்டின் வீதத்தை ஜூல் ஏற்கெனவே கண்டு சொல்லியிருந்தார்: Ri². ஆகவே, கையிருப்பு குறையும் வேகமும் செலவின் வேகமும் ஒன்றே.

```
d/dt ( q²/2C + L·i²/2 ) = −R·i²
```

மின்னோட்டம் என்பது மின்னூட்டம் மாறும் வீதம்; அதாவது i = dq/dt. வகையிட்டுப் பார்த்தால் ஒவ்வோர் உறுப்பிலும் i பொதுக் காரணியாக வந்து நிற்கும். அதை நீக்கினால் கிடைப்பது:

```
L·d²q/dt² + R·dq/dt + q/C = 0
```

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். i-ஆல் வகுத்தோமே, i சுழியாக இருந்தால் என்ன செய்வது? இது வீண் கேள்வியன்று. சாடியில் மின்னூட்டம் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தால், மின்னோட்டமும் இல்லை, சூடும் இல்லை. ஆற்றல் கணக்கு சற்றும் பிசகாது. முதல் சமன்பாடு அதையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது ஏற்காது. கம்பியை இணைத்த பிறகும் சாடி சும்மா இருக்கும் என்னும் பொய்த் தீர்வு, அந்த வகுத்தலில்தான் கழன்று விழுகிறது. ஆற்றல் கணக்கு எது நடக்கக்கூடாது என்று சொல்லும். எது நடந்தே தீரும் என்று சொல்வது இரண்டாவது சமன்பாடுதான். மின்னழுத்தங்களைக் கூட்டும் பாடநூல் வழியில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. இன்று அந்த வழியையே கற்பிப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இரண்டு முறை வகையிட்ட உறுப்பு இருப்பதால் இது இரண்டாம் வரிசைச் சமன்பாடு. அதன் பொருள், தொடக்க நிலையைச் சொல்ல ஓர் எண் போதாது என்பது. சாடியில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் மின்னோட்டம் எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். தன்தூண்டல் இல்லாவிட்டால் முதல் உறுப்பு போய்விடும். அப்போது மின்னூட்டம் தீர்ந்த கணத்தில் மின்னோட்டமும் தீர்ந்துவிடும், கதை முடிந்தது. தன்தூண்டல் இருந்தால் சாடி காலியான கணத்திலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கலாம். அது நில்லாமல் ஓடி, சாடியை மறுபக்கமாக நிரப்பும். தட்டில் எடை வைத்ததும் தராசு முள் நடுக்கோட்டைத் தாண்டிப் போவது இப்படித்தான். நடுவில் வந்தபோது அதைத் திருப்பும் விசை இல்லை, வேகம் இருக்கிறது.

இனித் தீர்வு. எத்தனை முறை வகையிட்டாலும் தன் வடிவம் மாறாத சார்பு ஒன்று நமக்கு வேண்டும். e^(mt) அத்தகையது, ஒவ்வொரு முறை வகையிடும்போதும் முன்னால் ஒரு m வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. அதைப் போட்டுப் பார்த்தால் வகைக்கெழுச் சமன்பாடு பள்ளிக்கூட இருபடிச் சமன்பாடாகச் சுருங்கிவிடுகிறது.

```
L·m² + R·m + 1/C = 0

m = −R/2L ± √( R²/4L² − 1/LC )
```

ஹென்றியின் ஊசிகள் எழுப்பிய கேள்விக்கு விடை அந்த வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. உள்ளே இருப்பது மிகை எண்ணாக இருந்தால் m-க்கு இரண்டு மெய் மதிப்புகள். இரண்டும் குறை எண்கள். மின்னூட்டம் தேய்ந்து அடங்கும், திரும்பி வராது. உள்ளே கழித்தல் குறி வந்துவிட்டால் வர்க்கமூலம் கற்பனை எண்ணாகிறது. கற்பனை அடுக்கு என்றால் சைனும் கொசைனும். அதாவது ஆட்டம். இரண்டுக்கும் நடுவேயான எல்லை R² = 4L/C. தாம்சன் தம் குறியீடுகளில் எழுதியதும் இதே எல்லையைத்தான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை தாம்சனுடையவை அல்ல; கணக்கு எளிதாக வரும்படி நான் தேர்ந்தெடுத்தவை. பல லெய்டன் சாடிகளை ஒன்றாகச் சேர்த்து, மொத்தக் கொள்ளளவு 0.01 மைக்ரோபாரட் என்று வைத்துக்கொள்வோம். சில பத்துச் சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருளின் தன்தூண்டல் 100 மைக்ரோஹென்றி. சாடிகளை 10,000 வோல்ட்டுக்கு ஏற்றியிருக்கிறோம். தேங்கியுள்ள ஆற்றல் அரை ஜூல். எல்லைத் தடையைக் கணக்கிட்டால் 2√(L/C) = 200 ஓம். கம்பியும் பொறியும் சேர்ந்த மொத்தத் தடை 200 ஓமுக்குக் குறைந்தால் ஆட்டம், கூடினால் இல்லை.

முதலில் தடை 20 ஓம். R/2L என்பது விநாடிக்கு 1,00,000. 1/LC-யின் வர்க்கமூலம் விநாடிக்கு 10,00,000. மூலத்துக்குள் கழித்தல் குறிதான். மூலத்தை எடுத்தால் ஆட்டத்தின் கோண வேகம் விநாடிக்கு 9,95,000 ரேடியன் என்று வருகிறது. தொடக்கத்தில் மின்னூட்டம் முழுமையாகவும் மின்னோட்டம் சுழியாகவும் இருந்ததைச் சேர்த்தால், தீர்வு இது:

```
q = Q·e^(−αt)·( cos ωt + (α/ω)·sin ωt )
α = R/2L,   ω = √( 1/LC − R²/4L² )
```

அடைப்புக்குள் இருக்கும் சைன் உறுப்பை மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவார்கள். அதை விட்டால், தொடக்கக் கணத்திலேயே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்ததாக ஆகிவிடும். தூண்டி அதற்கு இடம் தராது. t = 0 என்று போட்டு, மின்னூட்டத்தை மட்டுமன்றி மின்னோட்டத்தையும் சரிபார்ப்பவருக்கு இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

இப்போது நேரத்தை ஓடவிடுவோம். 1.68 மைக்ரோ விநாடியில் சாடி முழுக்கக் காலியாகிறது. ஆனால் அந்தக் கணத்தில் கம்பியில் ஓடுவது 84 ஆம்பியருக்கு மேல். அரை ஜூலில் ஏறத்தாழ 0.36 ஜூல் இன்னும் மின்னோட்டத்தில் உயிரோடிருக்கிறது. அது சாடியை எதிர்ப்பக்கமாக நிரப்பத் தொடங்குகிறது. 3.16 மைக்ரோ விநாடியில் மின்னோட்டம் நிற்கிறது. சாடி இப்போது எதிர்க்குறியில் 7,290 வோல்ட் ஏறியிருக்கிறது. பிறகு அதுவே திரும்பி ஓடுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு 6.3 மைக்ரோ விநாடி. ஒவ்வொரு முழு ஆட்டத்திலும் மின்னழுத்தம் முன்னிருந்ததில் 53 விழுக்காடாகக் குறைகிறது. ஐந்து ஆட்டம் முடிவதற்குள் 10,000 வோல்ட் 425 வோல்ட்டாகத் தேய்ந்திருக்கும். எல்லாம் ஒரு விநாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது. கண்ணுக்கு அது ஒரே ஒரு பொறி.

ஊசியின் புதிரும் இங்கே அவிழ்கிறது. முதல் பாய்ச்சல் வலுவானது. ஊசியை ஒரு பக்கமாகக் காந்தமாக்குகிறது. அடுத்தது எதிர்த்திசையில், வலு சற்றுக் குறைந்து வருகிறது. முந்தைய காந்தத்தை ஒரு பகுதியளவே கவிழ்க்கிறது. அதற்கடுத்தது மேலும் குறைவாக மீண்டும் திருப்புகிறது. ஊசி எவ்வளவு தடிமன், எந்த அளவு கடினமான எஃகு, சுருளிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றைப் பொறுத்து எந்தப் பாய்ச்சலின் தடம் கடைசியில் மேலோங்குகிறது என்பது மாறும். ஊசி சொன்னது மின்சாரத்தின் திசையை அல்ல. பல திசைகளின் மிச்சக் கணக்கை.

அதே சுற்றில் தடையை 1000 ஓமாக உயர்த்துங்கள். மூலத்துக்குள் இப்போது மிகை எண். m-இன் இரு மதிப்புகளும் விநாடிக்கு −1,01,000 மற்றும் −98,99,000. ஒன்று மற்றதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். வேகமான உறுப்பு 0.1 மைக்ரோ விநாடியில் தேய்கிறது; அது L/R. மெதுவான உறுப்பு ஏறத்தாழ 10 மைக்ரோ விநாடியில் தேய்கிறது, அது RC. முதலில் தூண்டி தன் எதிர்ப்பைக் காட்டிவிட்டு விலகுகிறது; மின்னோட்டம் அரை மைக்ரோ விநாடிக்குள் 9.6 ஆம்பியருக்கு ஏறுகிறது. அதன் பிறகு தூண்டி இல்லாதது போலவே, சாடி தடை வழியாக நிதானமாக வடிகிறது. தடை மிகுந்த சுற்றுகளில் தூண்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் விடை பெரும்பாலும் சரியாக வருவது இதனால்தான். முதல் அரை மைக்ரோ விநாடியில் மட்டும் தவறும்.

சரியாக 200 ஓம் வைத்தால் m-இன் இரண்டு மதிப்புகளும் ஒன்றாகிவிடும். e^(mt) ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு தொடக்க நிபந்தனைகளை நிறைவுசெய்ய அது போதாது. அங்கே t-ஆல் பெருக்கிய இன்னொரு உறுப்பு சேர்கிறது: q = Q(1 + 10⁶t)·e^(−10⁶t). தராசு முள் நடுக்கோட்டைத் தாண்டாமல், ஆனால் மிக விரைவாக வந்து நிற்பது இந்த நிலையில்தான்.

தாளில் எல்லாம் சரி. மைக்ரோ விநாடிகளில் நடப்பதை 1853-இல் யார் பார்ப்பது? தாம்சனே வழியும் சொல்லியிருந்தார். வீட்ஸ்டன் பொறியின் கால அளவை அறியக் கையாண்ட சுழலும் கண்ணாடியில் பார்த்தால் பொறியின் ஆட்டம் தெரியக்கூடும் என்று எழுதினார். அதே கட்டுரையில் இன்னொரு பழைய விந்தையையும் இதோடு சேர்த்தார். உராய்வு எந்திரத்தின் மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தினால் இரு முனைகளிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்தே எழுகின்றன. மின்கலத்தில் எடுத்த மின்சாரமானால் அவை தனித்தனியே எழும். மின்னோட்டம் முன்னும் பின்னும் ஆடினால் ஒவ்வொரு முனையும் மாறி மாறி இரண்டு வேலையையும் செய்யும் அல்லவா?

சுழலும் கண்ணாடிச் சோதனையை முழுமையாகச் செய்தவர் பெரென்ட் பெடர்சன். 1850-களின் கடைசியில் தொடங்கி 1862 வரை, பெரும்பாலும் லைப்சிக்கில் அவர் செய்த வேலை இது. வேகமாகச் சுழலும் குழியாடி ஒன்றில் பொறியின் பிம்பத்தை விழச்செய்து, அதை ஒளிப்படத் தட்டில் பதித்தார். பொறி ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆடி திரும்புவதால் அதன் பிம்பம் தட்டின் குறுக்கே ஓடி நீள்கிறது. நேரம் நீளமாகிவிடுகிறது.

இந்த முறையின் வலிமையை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஆடி விநாடிக்கு 100 முறை சுழல்கிறது, தட்டு ஒரு மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஆடி திரும்பும் கோணத்தைப் போல இருமடங்கு திரும்பும் ஒளிக்கதிர். அதனால் பிம்பம் தட்டின் மேல் விநாடிக்கு ஏறத்தாழ 1,250 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு மைக்ரோ விநாடிக்கு 1.25 மில்லிமீட்டர். நாம் மேலே கணக்கிட்ட சுற்றில், மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது பொறி பிரகாசிக்கும், சுழியாகும்போது மங்கும். ஒளிப்பட்டைகள் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விழும். அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம்.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. முன்னோக்கி ஓடினாலும் பின்னோக்கி ஓடினாலும் பொறி ஒளிரத்தான் செய்யும். எனவே ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு பட்டைகள். பட்டையை ஆட்டம் என்று எண்ணினால் விடை பாதியாகிவிடும்.

பெடர்சனின் தட்டுகளில் பட்டைகள் விழுந்தன. சாடிகளின் எண்ணிக்கையை மாற்றினார். பட்டைகளின் இடைவெளி கொள்ளளவின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறியது. நான்கு மடங்கு சாடி என்றால் இரண்டு மடங்கு இடைவெளி. தடை சிறிதாக இருக்கும்போது வர்க்கமூலத்துக்குள் R உறுப்பு பொருட்டாகாது. ஆட்டத்தின் நேரம் 2π√(LC) என்றாகிவிடும். ஜெர்மானியர் இன்றும் தாம்சன் வாய்பாடு என்று சொல்வது இதைத்தான். தடையைக் கூட்டக் கூட்டப் பட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஓர் எல்லையைத் தாண்டியதும் பட்டைகள் மறைந்து, ஒளி ஒரே தொடர்ச்சியாகத் தேய்ந்தது. வர்க்கமூலத்துக்குள் குறி மாறியதை ஒளிப்படத் தட்டில் கண்ணால் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் அவர். இயற்பியல் வரலாற்றில் அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

தடையை மேலும் மேலும் கூட்டியபோது மூன்றாவதாக ஒன்றும் தெரிந்தது. பொறி விட்டு விட்டு எரிந்தது. இது தாம்சனின் சமன்பாட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதிலேயே சமன்பாட்டின் எல்லையும் இருக்கிறது. R ஒரு மாறிலி என்று எடுத்துக்கொண்டுதான் e^(mt) என்று எழுதினோம். பொறி மாறாத தடை அன்று. மின்னோட்டம் மிகும்போது அதன் தடை குறைகிறது. மின்னோட்டம் குறையும்போது கூடுகிறது. மிகவும் குறைந்தால் பொறி அணைந்தே போகிறது. கம்பித் தடையே பெரும்பங்கு வகிக்கும் சுற்றில் உச்சங்கள் ஒரே விகிதத்தில் குறையும். 100, 53, 28, 15 என்பதுபோல. பொறியின் தடை மேலோங்கும் சுற்றில் உச்சங்கள் ஏறத்தாழ நேர்கோட்டில் இறங்கி, திடீரென்று அற்றுப்போகும். அடுத்தடுத்த உச்சங்களின் விகிதத்தை எடுத்துப் பார்த்தால் எது எந்த வகை என்று தெரிந்துவிடும். விகிதம் மாறாதிருந்தால் சமன்பாட்டை நம்பலாம். போகப்போக விகிதம் விழுந்தால், R மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதுவரை பார்த்த சமன்பாட்டின் வலப்பக்கத்தில் சுழிதான் இருந்தது. சாடியை ஏற்றினோம், விட்டுவிட்டோம், அது தானாக அடங்கியது. 1868 மார்ச் மாத இறுதியில் வில்லியம் குரோவ் தம் சோதனை ஒன்றை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லிடம் விவரித்தார். மாறுமின்னோட்ட எந்திரம் ஒன்றைத் தூண்டுசுருளின் முதன்மைச் சுற்றோடு இணைத்து, அந்தச் சுற்றில் ஒரு மின்தேக்கியையும் சேர்த்தபோது பொறி எதிர்பாராத அளவு பெரிதானது. வழியை அடைக்க வேண்டிய மின்தேக்கி எப்படி வழிவிட்டது என்பது குரோவின் கேள்வி. மார்ச் 27 தேதியிட்ட கடிதத்தில் மாக்ஸ்வெல் பதில் எழுதினார். தாம்சனின் அதே மூன்று உறுப்புகள். வலப்பக்கத்தில் சுழிக்குப் பதில், சீராக ஆடும் ஒரு விசை.

(தொடரும்)